இந்த மாதம் எந்தச் செலவு கூடியது? மூன்று மாதச் சராசரியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

மாதக் கடைசியில் மொத்தச் செலவை மட்டும் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. மொத்தம் இரண்டாயிரம் ரூபாய் கூடியிருக்கும். அது பள்ளிக்குப் போனதா, பெட்ரோலுக்குப் போனதா, யாருக்கும் நினைவிருக்காது. சில மாதங்களில் மொத்தம் கூடாமலேயே உள்ளுக்குள் ஒரு வகை ஏறியிருக்கும், இன்னொன்று அதே அளவு இறங்கியிருக்கும். அதனால்தான் வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்கு முந்தைய மூன்று மாதச் சராசரியோடு வைத்துப் பார்க்கிறோம்.

இதைச் செய்யும் சூத்திரம் சுலபமானது. ஆனால் சராசரி சில இடங்களில் தவறான வகையைக் காட்டி நம்மைப் பயமுறுத்தும், சில இடங்களில் உண்மையான ஏற்றத்தை மறைத்துவிடும். இந்த வழிகாட்டியில் பாதி அந்த இடங்களைப் பற்றியதுதான். கூகுள் ஷீட்ஸில் செய்வதாக எழுதுகிறேன். எக்செல்லிலும் இதே சூத்திரங்கள் வேலை செய்யும்.

உதாரணத்துக்கு மதுரையில் வாடகை வீட்டில் இருக்கும் நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பார்க்கப்போகும் மாதம் 2025 ஜூன். ஒப்பிடப்போவது மார்ச், ஏப்ரல், மே. தொகைகள் உதாரணத்துக்காக நான் வைத்தவை.

முதல் வேலை: கணக்கைச் சுத்தமாக வைப்பது

புதிய ஷீட்டில் முதல் தாளுக்கு `Data` என்று பெயர் வையுங்கள். நான்கு பத்திகள் போதும்: A-யில் தேதி, B-யில் விவரம், C-யில் வகை, D-யில் தொகை. வங்கியின் ஸ்டேட்மென்ட்டை இறக்கி, பற்று வைத்த வரிகளையும், திருப்பி அனுப்பிய பொருளுக்குப் பணம் வந்த வரிகளையும் மட்டும் இங்கே ஒட்டலாம்.

ஒட்டியதும் மூன்று வகை வரிகளைத் தேடுங்கள். ஒன்று, கிரெடிட் கார்டு பில் கட்டியது. கார்டில் வாங்கிய ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுகிறீர்கள் என்றால் பில் கட்டிய வரியை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே செலவு இரண்டு முறை ஏறும். இரண்டாவது, உங்கள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றிய பணம். அது செலவே இல்லை. மூன்றாவது, திருப்பி அனுப்பிய பொருளுக்கு வந்த பணம். அதை வரவாக வைக்காமல், வாங்கிய அதே வகையில் மைனஸ் போட்டு எழுதுங்கள். மே மாதம் வாங்கிய சட்டையின் பணம் ஜூனில் திரும்பி வந்தால், அந்த மைனஸ் வரிக்கு மே மாதத் தேதியைக் கொடுப்பதே சரி. ஜூன் தேதி போட்டால் மே சராசரியைத் தூக்கிவிடும், ஜூன் காரணமில்லாமல் குறைவாகத் தெரியும்.

அடுத்து வகை. பத்து, பன்னிரண்டுக்கு மேல் போகாதீர்கள். வகையை ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்யாமல், `Data > Data validation` போய் ஒரு பட்டியலாக வைத்துத் தேர்ந்தெடுங்கள். “பெட்ரோல்” என்பதற்குப் பின்னால் ஓர் இடைவெளி சேர்ந்துவிட்டால்கூட ஷீட்டைப் பொறுத்தவரை அது வேறு வகை. அந்த வரி எந்தக் கூட்டலிலும் சேராது, பிழை என்று சிவப்பாகவும் காட்டாது.

இதைவிட மோசமாக ஏமாற்றுவது தேதி. ஷீட்டின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், ஜூன் 5 என்று நீங்கள் நினைக்கும் 05/06/2025-ஐ அது மே 6 என்று எடுத்துக்கொள்ளும். 13/06/2025 அந்த முறையில் தேதியே இல்லை, ஏனென்றால் பதின்மூன்றாவது மாதம் கிடையாது. அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். விளைவு, மாதத்தின் முதல் பாதி வேறு மாதங்களுக்குச் சிதறும், பின்பாதி கணக்கிலேயே வராது. `File > Settings` போய் `Locale` என்பதில் `India` என்று மாற்றியபிறகு தரவை ஒட்டுங்கள். அப்புறம் பக்கத்தில் ஒரு காலிப் பத்தியில் இதைப் போட்டுக் கீழே வரை இழுங்கள்:

```
=ISNUMBER(A2)
```

எங்காவது `FALSE` வந்தால் அந்தத் தேதி எழுத்தாக இருக்கிறது. அதைத் திருத்தாமல் மேலே போக வேண்டாம்.

ஒப்பீட்டுத் தாள்

இரண்டாவது தாளுக்கு `Compare` என்று பெயர் வையுங்கள். B1-இல் பார்க்க வேண்டிய மாதத்தின் முதல் தேதி, அதாவது 01/06/2025. மூன்றாவது வரி தலைப்புக்கு. B3, C3, D3, E3 நான்கிலும் முறையே இவை:

```
=EDATE($B$1,-3)
=EDATE($B$1,-2)
=EDATE($B$1,-1)
=$B$1
```

A4-இலிருந்து கீழே வகைகளின் பெயர்கள். B4-இல் இந்தச் சூத்திரத்தைப் போட்டு E வரைக்கும், பிறகு கீழே வரைக்கும் இழுங்கள்:

```
=SUMIFS(Data!$D:$D,Data!$C:$C,$A4,
 Data!$A:$A,">="&B$3,
 Data!$A:$A,"<"&EDATE(B$3,1))
```

அந்த வகையில், அந்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து அடுத்த மாதம் ஒன்றாம் தேதிக்கு முன்பு வரை உள்ள தொகையைக் கூட்டு என்று அர்த்தம். அடுத்த மாதம் B1-இல் 01/07/2025 என்று மாற்றினால் போதும், நான்கு பத்திகளும் தானாக நகர்ந்துவிடும்.

F4-இல் சராசரி, G4-இல் வித்தியாசம், H4-இல் சதவீதம்:

```
=SUM(B4:D4)/3
=E4-F4
=IF(F4=0,"",G4/F4)
```

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். சராசரியில் ஜூன் இல்லை. இந்த மாதத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், கூடிய செலவு தன்னைத்தானே சராசரிக்குள் இழுத்துக்கொண்டு சின்னதாகத் தெரியும். இன்னொன்று, `AVERAGEIFS` என்ற சூத்திரத்தை நேரடியாக `Data` தாளின் மேல் பயன்படுத்தாதீர்கள். அது ஒரு மாதச் சராசரியைத் தராது, ஒரு பில்லின் சராசரியைத்தான் தரும். மளிகைக்கு மாதம் 8,000 ரூபாயைப் பத்து பில்லாகச் செலவழித்தால் அது 800 என்று சொல்லும். அதோடு ஒப்பிட்டால் மளிகை பத்து மடங்கு ஏறியதாகத் தெரியும்.

மேலே போகும்முன் ஒரு சரிபார்ப்பு. ஜூன் பத்தியின் கூட்டுத்தொகையும், வகை நிபந்தனையை எடுத்துவிட்டு அதே `SUMIFS`-ஐப் போட்டால் வரும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் வந்தால், ஏதோ ஒரு வரியில் வகை காலியாக இருக்கிறது அல்லது எழுத்து மாறியிருக்கிறது.

நம் குடும்பத்தின் தாளில் சில வகைகள் மட்டும் இதோ:

| வகை | மார்ச் | ஏப்ரல் | மே | சராசரி | ஜூன் |
|---|---|---|---|---|---|
| மளிகை | 7,850 | 8,120 | 8,030 | 8,000 | 8,640 |
| காய்கறி, பழம் | 3,100 | 3,400 | 3,250 | 3,250 | 3,380 |
| பால் | 1,860 | 1,800 | 1,860 | 1,840 | 1,800 |
| பெட்ரோல் | 2,400 | 2,100 | 2,400 | 2,300 | 3,300 |
| ஹோட்டல் | 1,500 | 1,700 | 4,900 | 2,700 | 3,100 |
| மின்சாரம் | 0 | 1,540 | 0 | 513 | 2,650 |

எவ்வளவு கூடினால் கவனிக்க வேண்டும்?

சதவீதத்தை மட்டும் வைத்தால் சின்ன வகைகள் தினமும் கூப்பிடும். 80 ரூபாயாக இருந்த ஜெராக்ஸ் செலவு 160 ஆனால் அது நூறு சதவீதம். ரூபாயை மட்டும் வைத்தால் மளிகை மாதிரி பெரிய வகைகள் எப்போதும் மேலே நிற்கும். மளிகையில் 640 ரூபாய் கூடியிருக்கிறது, ஆனால் 8 சதவீதம்தான். ஒரு எண்ணெய் டின் முன்னே பின்னே வாங்கினாலே அவ்வளவு வந்துவிடும்.

அதனால் இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் கவனிப்பது என்று வையுங்கள். 500 ரூபாய்க்குக் குறையாமலும், 25 சதவீதத்துக்கு மேலும் கூடியிருக்க வேண்டும். இந்த எண்கள் இந்தக் குடும்பத்துக்கு நான் வைத்தவை. உங்கள் வீட்டில் ஒரு மாதம் பட்டியலில் ஏழெட்டு வகை வந்தால் எல்லையை உயர்த்துங்கள். ஒன்றுமே வராவிட்டால் தாழ்த்துங்கள். இரண்டு மூன்று வகைகள் வந்தால் உட்கார்ந்து பார்க்க முடியும்.

வாடகை, இன்டர்நெட், ஓடிடி சந்தா, கடன் தவணை மாதிரி மாறாத செலவுகளுக்கு இந்த எல்லை பொருந்தாது. அவற்றில் பத்து ரூபாய் மாறினாலும் காரணம் இருக்கும். சந்தா கட்டணத்தைக் கூட்டியிருப்பார்கள், அல்லது இலவசக் காலம் முடிந்து பணம் எடுக்க ஆரம்பித்திருப்பார்கள். அந்த வரிகளில் சராசரியை விட்டுவிட்டு, போன மாதத்தோடு நேராக ஒப்பிடுங்கள்: `E4<>D4` என்றால் குறி.

இப்போது மேலே உள்ள அட்டவணைக்கு வருவோம். இந்த எல்லையின்படி பெட்ரோலும் மின்சாரமும் மாட்டுகின்றன. ஹோட்டல் தப்பித்துவிடுகிறது. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் சராசரி எங்கே சரியாகச் சொல்கிறது, எங்கே ஏமாற்றுகிறது என்பது புரியும்.

கரண்ட் பில்: சராசரி பொய் சொல்லும் இடம்

தாள் சொல்வது மின்சாரம் 416 சதவீதம் ஏறிவிட்டது என்று. அப்படியில்லை. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுத்துப் பில் போடுகிறார்கள். இந்த வீட்டில் பில் கட்டுவது ஏப்ரலிலும் ஜூனிலும். மார்ச், ஏப்ரல், மே என்ற மூன்று மாதத்துக்குள் ஒரே ஒரு பில்தான் விழுந்தது. அதை மூன்றால் வகுத்தால் 513 ரூபாய். இது எந்த மாதத்தின் உண்மையான செலவும் இல்லை. அடுத்த மாதம் பாருங்கள், கூத்து அப்படியே திரும்பும். ஏப்ரல், மே, ஜூன் மூன்றுக்குள் இரண்டு பில் விழும், சராசரி 1,397 ஆகும், ஜூலையில் செலவு பூஜ்யம். மின்சாரத்தில் நூறு சதவீதம் மிச்சம் என்று தாள் சொல்லும்.

மூன்று மாத ஜன்னலுக்குள் இரண்டு மாதச் சுற்று ஒழுங்காக அடங்காது, அவ்வளவுதான் காரணம். அதனால் மின்சாரத்தைப் பொதுப் பட்டியலிலிருந்து எடுத்துத் தனியாக வைத்து, பில்லோடு பில்லை ஒப்பிடுங்கள். 1,540-லிருந்து 2,650. அதாவது 1,110 ரூபாய், 72 சதவீதம் ஏற்றம். இதுவும் பெரிதுதான். ஆனால் இங்கேயும் ரூபாயைவிட யூனிட்டைப் பார்ப்பது நல்லது. ஏப்ரல் பில்லில் சுமார் 450 யூனிட், ஜூன் பில்லில் சுமார் 565 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயன்பாடு கால்வாசிதான் கூடியது. பில் ஏன் அவ்வளவு ஏறியது?

500 யூனிட் கோடுதான் காரணம். 2025 ஜூனில் இருந்த கட்டண முறை இது: இரு மாதப் பயன்பாடு 500-க்குள் இருந்தால், முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட் மலிவு விலை. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த மலிவு விலை போய்விடும். 101-ஆவது யூனிட்டிலிருந்தே உயர்ந்த விலைதான். அதோடு 500-க்கு மேல் வரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் இன்னும் கூடிய விலை. ஆக, இந்த வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி “கரண்ட் ஏன் இவ்வளவு ஏறியது” என்பதைவிட “65 யூனிட்டை எங்கே குறைக்கலாம்” என்பதுதான்.

கூடவே, ஜூனில் வரும் பில் ஏப்ரல், மே வெயிலுக்கான பில். அதை வெயில் குறைவான மாதங்களின் பில்லோடு ஒப்பிட்டு எடுக்கும் முடிவு பாதி உண்மைதான். போன வருடம் ஜூன் பில் கையில் இருந்தால் அதையும் பக்கத்தில் வையுங்கள். அது 2,480 என்றால், இந்த வருட ஏற்றம் 170 ரூபாய்தான். ஏசி போன வருடம் மாதிரியே ஓடியிருக்கிறது.

சிலிண்டரும் இப்படித்தான். ஒன்றரை மாதத்துக்கு ஒன்று வாங்கும் வீட்டில் சில மாதம் பூஜ்யம், சில மாதம் ஒன்று. அதற்கு ரூபாயை விட்டுவிட்டு, ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று குறித்துக்கொண்டால் போதும். பள்ளிக் கட்டணம், வண்டி இன்சூரன்ஸ், தீபாவளித் துணி ஆகியவற்றை “வருடச் செலவு” என்ற தனி வகையில் போட்டு இந்த ஒப்பீட்டிலிருந்து ஒதுக்கிவிடுங்கள். ஜூனில் பள்ளிக் கட்டணம் வருவது தெரிந்த விஷயம். அதை ஒரு தாள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஹோட்டல்: சராசரி மறைக்கும் இடம்

ஹோட்டல் வகையில் சராசரி 2,700, ஜூன் 3,100. நானூறு ரூபாய், 15 சதவீதம். எல்லைக்குள் இருப்பதால் குறி விழவில்லை. ஆனால் மூன்று மாதத்தையும் தனித்தனியாகப் படித்தால் கதை வேறு. மார்ச்சில் 1,500, ஏப்ரலில் 1,700. மே மாதம் விடுமுறைக்கு வந்த சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் வெளியே போனதில் 4,900. அந்த ஒரு மாதம் சராசரியைத் தூக்கிவிட்டது. ஜூனில் விருந்தாளி யாரும் இல்லை, ஆனாலும் செலவு ஏப்ரலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மூன்றே மாதச் சராசரி என்பதால் ஒரு மாதம் எகிறினால் மூன்றில் ஒரு பங்கு அப்படியே சராசரியில் ஏறும். இதற்கு ஒரு எளிய தடுப்பு உண்டு. மூன்று எண்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணையும் ஒரு பத்தியில் வையுங்கள். அதற்கு `MEDIAN` என்ற சூத்திரம். ஹோட்டலுக்கு அது 1,700. அதோடு ஒப்பிட்டால் ஜூன் 1,400 ரூபாய், 82 சதவீதம் அதிகம். சராசரி, நடு எண் இரண்டில் எது குறைவோ அதோடு ஒப்பிடும்படி குறியை அமைத்தால் இது தப்பிக்காது. I4-இல் நடு எண், J4-இல் குறி:

```
=MEDIAN(B4:D4)
=IF(AND(E4-MIN(F4,I4)>=500,
 E4>MIN(F4,I4)*1.25),"பார்","")
```

மளிகை, காய்கறி, பால் மூன்றிலும் சராசரியும் நடு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும், அதனால் அங்கே எந்த மாற்றமும் தெரியாது. இரண்டும் விலகி நிற்கும் வகை எது என்று பார்த்தாலே, முந்தைய மாதங்களில் ஒன்று இயல்பாக இல்லை என்று புரிந்துவிடும்.

பெட்ரோல்: ஏறியது விலையா, தடவையா?

குறி விழுந்தபிறகு செய்ய வேண்டிய முதல் வேலை, அந்த ஏற்றத்தை இரண்டாகப் பிரிப்பது. எத்தனை தடவை செலவழித்தோம், ஒரு தடவைக்கு எவ்வளவு. `SUMIFS` இருந்த இடத்தில் கூட்ட வேண்டிய பத்தியை எடுத்துவிட்டு `COUNTIFS` போட்டால் தடவை கிடைக்கும்:

```
=COUNTIFS(Data!$C:$C,$A4,
 Data!$A:$A,">="&B$3,
 Data!$A:$A,"<"&EDATE(B$3,1))
```

இந்த வீட்டில் ஸ்கூட்டருக்கு எப்போதும் 300 ரூபாய்க்குத்தான் போடுகிறார்கள். மார்ச்சில் 8 தடவை, ஏப்ரலில் 7, மேயில் 8, ஜூனில் 11. ஒரு தடவைத் தொகை மாறவில்லை, தடவைதான் கூடியிருக்கிறது. ரூபாய்க்குப் போடும் பழக்கத்தில் விலை ஏறினாலும் தடவைதான் கூடும் என்பதால், லிட்டர் விலையையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அது நூறு ரூபாயை ஒட்டியே இருந்தால் வண்டி கூடுதலாக ஓடியிருக்கிறது.

கூடுதலான 1,000 ரூபாய் என்றால் சுமார் 10 லிட்டர். ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால் 450 கிலோமீட்டர். ஜூனில் பையனைப் புதிதாக ஒரு டியூஷனில் சேர்த்தார்கள், வீட்டிலிருந்து 4 கிலோமீட்டர். கொண்டுபோய் விட்டு வருவது 8, திரும்பக் கூப்பிட்டு வருவது 8, ஒரு நாளைக்கு 16. மாதம் 26 நாளில் 416 கிலோமீட்டர். கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. காரணம் கிடைத்துவிட்டது. டியூஷனுக்கு மாதம் கட்டும் பணத்தோடு இந்த ஆயிரத்தையும் சேர்த்துத்தான் அதன் உண்மையான செலவைப் பார்க்க வேண்டும். ஒருவேளை கணக்கு 150 கிலோமீட்டரில் நின்றிருந்தால், மீதிக்கு வண்டியின் மைலேஜைச் சந்தேகப்படலாம்.

ஹோட்டலுக்கும் இதையே செய்யுங்கள். தடவை கூடியிருந்தால் பழக்கம் மாறியிருக்கிறது. தடவை அப்படியே இருந்து ஒரு தடவைத் தொகை கூடியிருந்தால் விலை ஏறியிருக்கலாம், அல்லது ஒரே ஒரு பெரிய பில் உள்ளே இருக்கலாம். `Data` தாளில் அந்த வகையை வடிகட்டி, தொகை பெரிதிலிருந்து சிறிதாக வரிசைப்படுத்தினால் முதல் இரண்டு வரிகளிலேயே தெரிந்துவிடும்.

எப்போது பார்ப்பது?

மாதம் முடிந்து இரண்டு, மூன்று நாளில் பார்ப்பதே சரி. பாதி மாதத்தில் பார்த்தால் அரை மாதச் செலவை முழு மாதச் சராசரியோடு ஒப்பிடுகிறோம், எல்லாம் குறைவாகவே தெரியும். 15-ஆம் தேதி பார்த்தே ஆக வேண்டுமென்றால் நான்கு மாதத்திலும் முதல் 15 நாளை மட்டும் எடுங்கள். சூத்திரத்தில் `EDATE(B$3,1)` இருக்கும் இடத்தில் `B$3+15` போட்டால் போதும். பால் மாதிரி நாள் கணக்கில் ஓடும் வகைகளில் 30, 31 நாள் வித்தியாசமும் உண்டு. அட்டவணையில் ஜூன் மாதப் பால் மே மாதத்தைவிட 60 ரூபாய் குறைந்திருப்பது ஒரு நாள் குறைந்ததால்தான்.

சராசரி நகர்ந்துகொண்டே இருக்கும்

கடைசியாக ஒரு பத்தி சேர்க்க வேண்டும். ஹோட்டல் செலவு ஜூலையிலும் ஆகஸ்டிலும் 3,100-லேயே நின்றால், செப்டம்பரில் பார்க்கும்போது சராசரி, நடு எண் இரண்டுமே 3,100 ஆகிவிடும். குறி விழாது. 1,700-இல் இருந்த செலவு என்பதே தாளிலிருந்து மறைந்துவிடும். மாதம் ஐந்து சதவீதமாக மெல்ல ஏறும் மளிகையும் இந்த முறையில் ஒருநாளும் மாட்டாது.

அதனால் K பத்தியில், நிதானமாக இருந்த ஒரு காலாண்டின் சராசரியைச் சூத்திரமாக இல்லாமல் வெறும் எண்ணாக எழுதி வையுங்கள். நகலெடுத்து `Ctrl+Shift+V` அழுத்தி ஒட்டினால் எண் மட்டும் வரும். ஹோட்டலுக்கு மே மாத விருந்தை விட்டுவிட்டு 1,600 என்றே எழுதலாம். மாதாமாதம் J பத்தியைப் பாருங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை E-யை K-யோடு ஒப்பிடுங்கள். டியூஷன் மாதிரி தெரிந்தே ஏற்றுக்கொண்ட செலவு என்றால் K-யில் பெட்ரோலை 3,300 என்று நீங்களே மாற்றி, பக்கத்து L-இல் காரணத்தையும் மாதத்தையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். டியூஷன் நின்ற மாதம் பெட்ரோல் இறங்கவில்லை என்றால், அந்த வரிதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.